‘செய்து’ எதில் முடிகிறது, ஐயா?

பெரம்பலூரில் தமிழாசிரியர்கள் சிலர் கூடியிருந்த ஓர் அறையில், அண்மையில், தேநீரோடு சேர்த்து எட்டுப் பக்கச் சிறுவெளியீடு ஒன்றும் கைக்குக் கை வந்து சேர்ந்தது. எழுதியவர் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மேடையில் கைதட்டு வாங்கத் தெரிந்தவர். அட்டையிலேயே தம்மை அறிஞர் என்று அச்சடித்துக்கொண்டிருப்பதால் நானும் அப்படியே அழைத்துவிடுகிறேன். மாணவர் கட்டுரையில் வாக்கியம் பாதியில் அறுந்து கிடந்தாலும் சரி, நாலு வாக்கியம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடினாலும் சரி, ஆசிரியர் ஓரத்தில் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பது வெட்டிவேலை என்பது அறிஞரின் கட்சி. அறுந்ததற்குத் ‘துண்டு’, ஓடியதற்கு ‘ஓட்டம்’ என்று சிவப்பு மையில் ஒரு சொல் போட்டால் போதுமாம். அறிவுள்ள பிள்ளை புரிந்துகொள்ளுமாம். புரியாத பிள்ளைக்கு எழுதிக் காட்டியும் பயனில்லையாம். இந்தக் கடைசி முத்தைச் சம்பளம் வாங்கிய காலமெல்லாம் பொத்தி வைத்திருந்து, ஓய்வூதியம் வரத் தொடங்கிய பிறகு உதிர்க்கிறாரே, அந்த முன்யோசனையை மட்டும் மெச்சத்தான் வேண்டும்.

எட்டுப் பக்கத்தில் இலக்கணம் என்று சொல்லத்தக்கது ஒரே இடத்தில்தான் வருகிறது. எழுவாயும் வினையும் இருந்து முழுக் கருத்தைத் தருவது வாக்கியம் என்றும், அவற்றில் ஒன்று குறைந்தால் அது துண்டு என்றும் வரையறுக்கிறார். எங்கேயோ கேட்ட குரல்போல இருக்கிறதல்லவா? ஆங்கிலக் கையேடுகளில் ‘ஃபிராக்மென்ட்’ என்ற தலைப்புக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் வரையறைதான் இங்கே வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் மேனாட்டு மோகத்தைச் சாடியவர் மூன்றாம் பக்கத்தில் அந்த மோகத்திடமே கடன் வாங்குகிறார். வாங்கிய கடனாவது செல்லுபடியாகிறதா என்று பார்ப்போம்.

‘நேற்று வந்தேன்’ என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. எழுவாய் கண்ணில் படவில்லை. அறிஞர் கணக்கில் இது துண்டு. வினையின் விகுதியே ‘நான்’ என்பதைச் சுமந்துகொண்டிருப்பதால் அதைத் தோன்றா எழுவாய் என்று பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறோம். ‘இவர் என் அப்பா’ என்று இன்னொரு பிள்ளை எழுதுகிறது. வினை இல்லை; இதுவும் துண்டு. பெயரும் பயனிலையாக வரும் என்பது அறிஞருக்கு மறந்துபோயிருக்கலாம், வயது அப்படி. மூன்றாவது பிள்ளை ‘மழை விடாமல் பெய்ததால்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்கிறது. மழை என்று எழுவாய் இருக்கிறது, பெய் என்று வினையும் இருக்கிறது. ஆகவே அறிஞரின் அளவுகோலில் இது முழு வாக்கியம்! உயிரோடு இருக்கும் இரண்டைப் புதைத்துவிட்டு, செத்துக் கிடப்பதற்குச் சந்தனம் பூசும் இந்த வைத்தியத்தைத்தான் பிள்ளை ‘தானே புரிந்துகொள்ளும்’ என்கிறார். முழுக் கருத்து என்ற பேச்சோ இன்னும் வேடிக்கை. எழுதிய பிள்ளையின் தலைக்குள் கருத்து முழுதாகத்தான் இருந்தது. அதனிடமே போய்க் கருத்து முழுமையா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

தமிழில் வாக்கியம் முடிந்ததா இல்லையா என்பதைக் கருத்தைக் கொண்டு தேட வேண்டியதே இல்லை. சொல்லின் வாலிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. வந்து, வந்தால், வந்ததால், வந்த, வர என்பவை எல்லாம் எச்சம். இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று பெயரே சொல்கிறது. வந்தான், வந்தோம், வரும், இல்லை, வேண்டும் என்பவை முற்று. தமிழ் உரைநடையில் பயனிலை பெரும்பாலும் கடைசியில் வருவதால், மாணவர் தம் படியில் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் முந்தைய ஒரே ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டு போனாலே அறுந்த வாக்கியங்களில் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும். ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைக்கு இந்தச் சலுகை கிடையாது. நடுநிலைப் பள்ளியில் ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறக்கும் எச்சத்தையும் முற்றையும், பிள்ளை தன் கட்டுரைமேலேயே பிரயோகிக்க முடியும் என்று நாம் ஒருநாளும் சொல்வதில்லை. ‘துண்டு’ என்ற சிவப்புச் சொல் இதில் எதைச் சொல்கிறது? நோய் இருக்கிறது என்கிறது. எந்த உறுப்பில், ஏன் என்று சொல்வதில்லை.

அறிஞர் ஒரு மாற்று மருந்தும் வைத்திருக்கிறார். உரக்கப் படித்துப் பார்த்து, மூச்சு நிற்கும் இடத்தில் புள்ளி வைக்கச் சொல்கிறார். ஐயா, அந்தப் பிள்ளை அப்படித்தான் வைத்தது! ‘மழை விடாமல் பெய்ததால்’ என்று பேசும்போது எவருக்கும் அங்கே குரல் இறங்கி ஒரு நொடி நிற்கத்தான் செய்யும். அந்த நிறுத்தத்தைக் காது கேட்டது. கை புள்ளியாக வைத்தது. அதேபோல, பரபரப்பாக ஒன்றைச் சொல்லும்போது மூச்சு விடாமல் ‘வந்தார் பார்த்தார் போனார்’ என்று ஓடுகிறோம். அங்கே புள்ளி விழாமல் போகிறது. ஆக, நோய்க்குக் காரணம் எதுவோ அதையே நோய்க்கு மருந்தாக எழுதிக் கொடுத்திருக்கிறார். இதோடு இன்னொன்றும் உண்டு. தாம் எழுதியதைத் தாமே படிப்பவர், காகிதத்தில் இருப்பதைப் படிப்பதில்லை, நினைத்ததைப் படிக்கிறார். விடுபட்ட சொல்லைக்கூட நாக்கு சேர்த்துக்கொண்டு போய்விடுகிறது. எழுதியவர் தம் பிழையைக் காண வேண்டுமானால் காதை ஒதுக்கிவைத்துவிட்டுக் கண்ணுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

அடுத்து வருவது மரபு. நம் ஓலையில் முற்றுப்புள்ளி உண்டா, கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்வெட்டில் ஒரு காற்புள்ளியைக் காட்ட முடியுமா என்று மார்தட்டுகிறார். முடியாதுதான். புள்ளி அந்நியச் சரக்கு என்றால், அறிஞர் தம் பெயருக்குப் பின்னால் போடும் பட்டங்களுக்கு இடையே இத்தனை புள்ளிகள் எதற்கு? கண்ணுக்குத் தெரியும் குறி வேண்டும் என்ற கவலை இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. எகரத்துக்குப் புள்ளி வைத்துக் குறில் நெடில் பிரித்த பழைய முறை ஏட்டெழுத்தில் நிலைக்காமல் வாசகரைத் தடுமாற வைத்தபோது, நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். அவர் தங்கித் தமிழ்ப்பணி செய்த ஏலாக்குறிச்சி, அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அறிஞர் மேனாட்டானைத் திட்ட எழுதும் ‘ஏன்’ என்ற சொல்லின் முதலெழுத்துக்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

புள்ளி இல்லாத காலத்தில் வாக்கியத்தின் முடிவை யாரும் பொருட்படுத்தவில்லை என்று அறிஞர் நினைக்கிறார்; நேர்மாறு. குறி இல்லாததால் அதைக் கண்டுபிடிப்பதையே உரையாசிரியர்கள் தொழிலாக வைத்திருந்தார்கள். இந்த எச்சம் பத்து அடி தள்ளி வரும் அந்த வினையோடு முடியும் என்று காட்டுவதற்கு வினைமுடிபு என்று பெயர். பல பாட்டுகள் சேர்ந்து ஒரே வினையில் போய் முடிந்தால் அதற்குக் குளகம் என்று பெயர். நச்சினார்க்கினியர் தொலைவில் கிடக்கும் அடிகளை மாட்டிக் கூட்டுவதைப் பற்றி ஒருவர் ஆயிரம் குறை சொல்லலாம். எதில் முடிகிறது என்று கேட்காமல் விட்டார் என்று சொல்ல முடியாது. அந்த உரையோடு 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் இளமையில் தமிழ் படித்தது எங்கே? அரியலூரில் சடகோப ஐயங்காரிடம், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம். இந்த இரண்டு மாவட்டத்து மண்ணில் நின்றுகொண்டு, வாக்கியம் எங்கே முடிகிறது என்று விளக்குவது மரபல்ல என்று ஒருவர் அச்சடித்துக் கொடுக்கிறார் என்றால், அவருக்கு மரபும் தெரியவில்லை, மண்ணும் தெரியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

வெறும் வாய்ச்சண்டை வேண்டாம். ஒரு பத்தியைப் பிரித்துப் போடுகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியது. சின்ன வெங்காயம் போடும் வீட்டுப் பிள்ளை. ‘போன வருசம் எங்கள் அப்பா வெங்காயத்தை அறுவடை செய்து. பட்டறை போட்டு வைத்தோம் விலை ஏறும் என்று காத்திருந்தோம் மழை விடாமல் பெய்ததால். பட்டறைக்குள் தண்ணீர் இறங்கி வெங்காயம் அழுகிவிட்டது, அம்மா அழுதார். நான் பள்ளி விட்டு வந்து, அப்பா என்னிடம் எதுவும் பேசவில்லை.’ அறிஞர் பாணியில் இதற்கு இரண்டு ‘துண்டு’, இரண்டு ‘ஓட்டம்’, அடியில் ‘கவனம் தேவை’. ஐந்து நொடி. அடுத்த தாள்.

நான் செய்தது வேறு. முற்றுக்கு அடிக்கோடு போடச் சொன்னேன். எச்சத்தைச் சுற்றி வட்டம். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் அது போய் முடியும் அடிக்கோட்டுக்கு ஓர் அம்பு. ‘செய்து’ என்ற வட்டத்திலிருந்து அம்பு கிளம்பிய உடனே முற்றுப்புள்ளியை மோதியது. அம்பு புள்ளியைத் தாண்டிப் போக நேர்ந்தால் அங்கே வாக்கியம் அறுந்திருக்கிறது. இதை அவளே சொன்னாள். ‘பெய்ததால்’ என்பதும் அப்படியே. புள்ளியை அழித்தால் சரியாகிவிடும் என்று இரண்டாவதில் சொல்லலாம், முதலாவதில் முடியாது. ஏனென்றால் செய்தவர் அப்பா, வைத்தவர்கள் ‘நாங்கள்’. ஓரத்தில் ‘யார் செய்து, யார் வைத்தது?’ என்று மட்டும் எழுதினேன். ‘துண்டு’ என்று எழுதியிருந்தால் புள்ளியை மட்டும் அழித்துவிட்டு, பிழையை உள்ளே வைத்துத் தைத்திருப்பாள்.

இடிபடும் வாக்கியங்களுக்கும் இதே படம் போதும். இரண்டு அடிக்கோடுகளுக்கு நடுவே புள்ளியும் இல்லை, அரைப்புள்ளியும் இல்லை என்றால் அங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். ‘வைத்தோம்’ என்பதற்கும் ‘காத்திருந்தோம்’ என்பதற்கும் இடையே ‘ஏறும்’ என்றொரு முற்றும் இருக்கிறதே என்று அவள் கேட்டாள், நல்ல கேள்வி. ‘என்று’ என்ற சொல் தனக்கு முன்னால் உள்ள முற்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறது. தூக்கிக்கொண்ட பிள்ளையைத் தலை எண்ணும்போது சேர்ப்பதில்லை. ‘அழுகிவிட்டது, அம்மா அழுதார்’ என்பதில் காற்புள்ளி இருக்கிறதே என்றாள். காற்புள்ளிக்கு இரண்டு முற்றுகளைப் பிரித்து நிறுத்தும் பலம் கிடையாது. அது எச்சங்களுக்கு இடையே மூச்சு வாங்க வைத்த திண்ணை.

கடைசி வாக்கியத்தைத்தான் அறிஞர் கோட்டைவிட்டிருப்பார். புள்ளி ஒழுங்காக இருக்கிறது, முற்றும் ஒன்றே ஒன்றுதான். ஆனால் ‘வந்து’ என்பது ‘நான்’ செய்தது. ‘பேசவில்லை’ என்பது அப்பா செய்தது. செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே தேடும் என்பது தொல்காப்பியக் காலத்து விதி. அந்த ‘வந்து’ வாக்கியத்துக்குள்ளேயே நடுத்தெருவில் நிற்கிறது. அப்படியானால் ‘தண்ணீர் இறங்கி வெங்காயம் அழுகிவிட்டது’ மட்டும் எப்படிச் சரி, இரண்டுக்கும் எழுவாய் வேறுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அறிஞர் கேட்க மாட்டார். அங்கே முதல் வினை இரண்டாவதற்குக் காரணம். ‘இறங்க’ என்று இருக்க வேண்டியது ‘இறங்கி’ என்று நிற்பதை எச்சத்திரிபு என்று மரபே ஏற்றுக்கொள்கிறது. பிள்ளை பள்ளி விட்டு வந்தது அப்பா பேசாததற்குக் காரணம் அல்ல. காரணம் பட்டறையில் கிடக்கிறது.

இந்தச் சோதனை சறுக்கும் இடமும் உண்டு. அதை மறைப்பது அறிஞர் வேலை. ‘மழை பெய்தது எனக்குத் தெரியாது’ என்பதில் ‘பெய்தது’ முற்றுபோல வேடம் போடும் பெயர். ‘பெய்தது என்பது’ என்று மாற்றிப் படித்துப் பொருள் மாறாவிட்டால் அதற்கு அடிக்கோடு கிடையாது. ‘பெய்யும்’ என்பது பெயருக்கு முன்னால் நின்றால் எச்சம், முடிவில் நின்றால் முற்று. இந்த இரண்டையும் பிள்ளைகள் இடறி விழுந்தபின் சொன்னால் போதும். முதல் நாளே பட்டியல் போட்டால் அம்பு விடுவதை நிறுத்திவிடுவார்கள்.

லா.ச.ரா. ஒற்றைச் சொல்லில் வாக்கியம் எழுதவில்லையா என்று அறிஞர் மடக்குகிறார். எழுதினார். அவர் எங்கே அறுக்கிறோம் என்று அறிந்து அறுத்தார். சட்டை கிழிந்திருப்பதும் சட்டைக்குக் கை வைக்காமல் தைப்பதும் ஒன்றா? அந்தப் பெண்ணிடம் ‘செய்து’ என்று ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். நிறுத்தியதே அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஆராய்ச்சியைக் கூப்பிடுகிறார். இரண்டாம் மொழியில் எழுதுவோருக்கு இலக்கணத் திருத்தம் செய்வதை விட்டுவிட வேண்டும் என்று ஜான் டிரஸ்காட் 1996-இல் வாதிட்டது உண்மை. 1999-இல் டானா ஃபெரிஸ் அதற்கு மறுப்பு எழுதியதையும், விதி சொல்லி விளக்கக்கூடிய பிழை வேறு, விதிக்குள் அடங்காத பிழை வேறு என்று பிரித்ததையும் அறிஞர் சொல்லவில்லை. எச்சமும் முற்றும் விதிக்குள் அடங்காதவையா? அதைவிட, திருத்தமே வீண் என்ற கட்டுரையை மேற்கோள் காட்டும் கையே சிவப்புச் சொல் ஒன்று போதும் என்றும் எழுதுகிறது. திருத்தம் பயன்படும் என்றால் விளக்க வேண்டும். பயன்படாது என்றால் சிவப்பு மையும் வீண்தானே?

அவர் கட்சிக்கு உண்மையிலேயே உதவக்கூடிய சான்று ஒன்று இருக்கிறது; பாவம், அவருக்குத் தெரியாது என்பதால் நானே எடுத்துக் கொடுக்கிறேன். ரிச்சர்ட் ஹாஸ்வெல் என்ற அமெரிக்க ஆசிரியர் 1983-இல் வெளியிட்ட கட்டுரையில், பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு குறி மட்டும் போட்டு என்ன பிழை என்று சொல்லாமல் விட்டபோது, ஏறத்தாழ அறுபது விழுக்காட்டுப் பிழைகளை மாணவர்கள் தாங்களே திருத்திவிட்டதாகச் சொன்னார். பெயர்கூடச் சொல்லாத குறியே இவ்வளவு செய்தால், ‘துண்டு’ என்ற பெயர் எதற்கு? மீதியில் தங்கிப் போகிறவை கவனக்குறைவால் வந்தவை அல்ல, கருத்தே பிடிபடாததால் வந்தவை. அங்கேதான் ஆசிரியர் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது. ஹாஸ்வெல் குறி போட்டு மிச்சப்படுத்திய நேரத்தை அதற்குச் செலவிட்டார். அறிஞர் மிச்சப்படுத்தும் நேரம் எங்கே போகிறது என்பதற்குப் பின்னட்டை பதில் சொல்கிறது: மாதிரிக் கட்டுரைகள் அடங்கிய அவருடைய கையேட்டுக்கு அங்கே விளம்பரம். தன் வாக்கியத்தைத் தானே திருத்தத் தெரிந்த பிள்ளை மாதிரிக் கட்டுரையை எதற்கு வாங்கப்போகிறது? ஆறாம் பக்கத்தில் ஒரு பத்தி ‘மாணவர் நலனைக் கருத்தில் கொண்டு.’ என்று புள்ளியோடு முடிகிறது. அந்தக் ‘கொண்டு’ எதில் முடிகிறது என்று தேடினேன். விலைப்பட்டியல் வரைக்கும் போயும் முற்று கிடைக்கவில்லை.

அந்தப் பெண் இரண்டாம் படியைக் கொண்டுவந்தாள். ‘நாங்கள் அறுவடை செய்து, பட்டறை போட்டு வைத்தோம்’ என்று முதல் வாக்கியம் நிமிர்ந்துவிட்டது. ஆனால் முற்றைக் கண்டால் புள்ளி வைக்கும் ஆவேசத்தில், ‘விலை ஏறும். என்று காத்திருந்தோம்’ என்று எழுதியிருந்தாள். ‘என்று’ எதைத் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று ஓரத்தில் கேட்டேன். கடைசி வரியில் ‘வந்து’ என்பதை ‘வந்தேன்’ ஆக்கியிருந்தாள். காற்புள்ளியை அப்படியே விட்டிருந்தாள். இங்கே எத்தனை அடிக்கோடு என்று கேட்டேன். ‘வந்தபோது’ என்று மாற்றுவாள் என்பது என் கணக்கு. மூன்றாம் படியில் அவள் எழுதியிருந்தது இது: ‘நான் பள்ளி விட்டு வந்தேன். அப்பா என்னிடம் எதுவும் பேசவில்லை.’ என் கணக்கைவிட அவளுடையது மேல். அந்த ஓரத்தில் நான் எதுவும் எழுதவில்லை.